அம்மாவின் கணக்கில் பிடித்த 354 ரூபாய்

வாடிக்கையாளர்: வணக்கம் சார். அம்மாவுடைய கணக்கு விஷயமாக வந்திருக்கிறேன். இதோ பாஸ்புக், இது ஆதார். அம்மாவும் வந்திருக்கிறார்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று மாதம் 118 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். கட்டணம் 100, ஜிஎஸ்டி 18. மொத்தம் 354 ரூபாய். இது தவறாகப் பிடித்த பணம். திரும்ப வரவு வைக்க வேண்டும்.

அலுவலர்: இருப்பு குறைந்தால் சிஸ்டமே பிடித்துவிடும் மேடம். நாங்கள் கையால் போடுவது இல்லை.

வாடிக்கையாளர்: நீங்கள் பிடித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை சார். ஆனால் இந்தக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். 2015-இல் ஜன்தன் திட்டத்தில் திறந்தது, அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று உங்கள் கிளையின் சீலோடு இருக்கிறது. இந்த வகைக் கணக்கில் பணமே இல்லாவிட்டாலும் அபராதம் போடக்கூடாது. போன டிசம்பர் வரை ஒரு ரூபாய்கூடப் பிடித்ததில்லை, எல்லாப் பதிவும் இதில் இருக்கிறது.

அலுவலர்: ஒரு நிமிடம்... இங்கே சாதாரண சேமிப்புக் கணக்கு என்று காட்டுகிறது. டிசம்பரில் மாறியிருக்கிறது. நீங்கள் கேட்டுத்தான் மாற்றியிருப்பார்கள்.

வாடிக்கையாளர்: டிசம்பரில் அம்மா கேஒய்சி புதுப்பிக்க மட்டும்தான் வந்தார்கள். கணக்கு வகையை மாற்றச் சொல்லி எந்தப் படிவமும் கொடுக்கவில்லை. கொடுத்ததாக இருந்தால் அம்மாவின் கைநாட்டு வைத்த படிவம் உங்களிடம் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்.

அலுவலர்: பழைய படிவங்களை உடனே எடுக்க முடியாது மேடம்.

வாடிக்கையாளர்: சரி, தேடி எடுங்கள், அதற்கு நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன். சாதாரணக் கணக்கு என்றே வைத்துக்கொண்டாலும் இப்படிப் பிடிக்க முடியாது. இருப்பு குறைந்துவிட்டது என்று முதலில் தகவல் கொடுத்து, சரிசெய்ய ஒரு மாதமாவது விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. அம்மாவின் போனுக்கு வந்ததெல்லாம் பணம் பிடித்த பிறகு வந்த எஸ்எம்எஸ்தான். இதோ போன், நீங்களே பாருங்கள். அப்புறம், எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்றபடிதான் கட்டணம் இருக்க வேண்டும். மூன்று மாதமும் இருப்பு வேறு வேறாக இருந்தது, கட்டணம் மட்டும் எப்படி ஒரே 100 ஆகும்?

அலுவலர்: புரிகிறது மேடம். ஆனால் 354 ரூபாய்தானே, அடுத்த மாதம் கொஞ்சம் இருப்பு வைத்துவிட்டால் வராது.

வாடிக்கையாளர்: அப்படிச் சொல்லாதீர்கள் சார். இந்தக் கணக்குக்கு வருவது விதவை உதவித்தொகை 1200 ரூபாய். அதில்தான் மருந்து, அதில்தான் பால். அந்தப் பணத்தில் மாதம் 118 ரூபாய் போனால் அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சிறிய தொகையாக இருக்கலாம். இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்கில் இருப்பு வைக்கச் சொல்வதும் சரியில்லை. இதே வரிசையில் உதவித்தொகை வாங்க வந்தவர்கள் பலர் நிற்கிறார்கள், அவர்களுடைய கணக்கும் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாராலும் பாஸ்புக்கைப் படித்துப் பார்த்துக் கேட்க முடியாது.

அலுவலர்: பிடித்த பணத்தைத் திருப்ப மேனேஜர் அனுமதி வேண்டும். அவர் மதியத்துக்கு மேல்தான் வருவார்.

வாடிக்கையாளர்: பரவாயில்லை, எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். அம்மாவின் கைநாட்டும் இருக்கிறது. 354 ரூபாயைத் திருப்ப வேண்டும், கணக்கைப் பழையபடி அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் சார். வகையை மாற்றாமல் பணத்தை மட்டும் திருப்பினால் ஏப்ரலில் மறுபடியும் பிடிக்கும். ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி எனக்கு. என் பிரதியில் பெற்றுக்கொண்டதாகச் சீல் வைத்து, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அலுவலர்: கடிதத்தை வாங்கி வைக்கிறேன் மேடம், சீல் எதற்கு?

வாடிக்கையாளர்: உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே முதலில் வங்கியில் புகார் கொடுத்ததற்கான அத்தாட்சியைத்தான் கேட்பார்கள். அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை, இங்கேயே முடிந்துவிட்டால் நல்லது. ஆனால் முடியாவிட்டால் கட்டாயம் போவேன்.

அலுவலர்: சரி மேடம், கொடுங்கள். சீல் வைத்துத் தருகிறேன். மேனேஜர் வந்ததும் இன்றைக்கே காட்டுகிறேன்.

வாடிக்கையாளர்: நன்றி சார். புகாரை சிஸ்டத்திலும் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையும் இந்தப் பிரதியிலேயே எழுதிவிடுங்கள். என் போன் எண் கடிதத்தின் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பாஸ்புக் பதிய வருவேன், அன்றைக்குப் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.