பால் பொங்குவதற்குள் பேசி முடிக்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம்.

பால் பொங்க இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று அடுப்புப் பக்கம் நிற்பவர்கள் சொல்கிறார்கள். அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது எனக்கு வந்திருக்கும் உத்தரவு. கணக்குப் பிரிவில் இருப்பவளிடம் மைக்கைக் கொடுத்தால் நேரத்தையும் கணக்குப் பார்த்துச் செலவழிப்பாள் என்று நினைத்திருப்பார்கள். பார்க்கலாம்.

போன வருடம் நடந்ததைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். கேன்டீனுக்குள்ளேயே இண்டக்‌ஷன் அடுப்பில் சில்வர் பானையை வைத்தோம். பால் பொங்கி வழிந்ததும் அடுப்பு அணைந்துபோனது. முந்திரி வறுத்துக்கொண்டிருந்த இன்னொரு அடுப்பிலிருந்து புகை கிளம்பி அலாரம் அலறியது. "பொங்கலோ பொங்கல்" என்று கத்தத் தயாராக நின்ற மூன்றாவது மாடி மொத்தமும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்த வருடம் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு வந்திருக்கிறோம். இன்று பைக்கைத் தெருவில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நன்றி.

சரி, வாழ்த்துக்கு வருகிறேன். நாளை போகி, நாளை மறுநாள் பொங்கல். ஆனால் இன்று ஜனவரி 13. பஞ்சாபிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர்களுக்கு இன்று இரவே லோஹ்ரி. ஊரில் இருந்தால் தெருவில் தீ மூட்டி, வேர்க்கடலையையும் பொரியையும் அதில் போட்டுச் சுற்றி வந்திருப்பார்கள். நாளை குஜராத்துக்காரர்களுக்கு உத்தராயணம். காலையிலிருந்து யாரும் மொட்டை மாடியை விட்டு இறங்க மாட்டார்களாம், வானம் முழுக்கப் பட்டமாம். அசாம் நண்பர்கள் மாக் பிஹுவுக்காகத் தோழர்களோடு விடிய விடிய சமைத்துச் சாப்பிட்டு, காலையில் வைக்கோலும் மூங்கிலும் கொண்டு கட்டிய மேஜியைக் கொளுத்துவார்கள். போகிக்கு நாம் பழைய பாயைக் கொளுத்துவதைப் பார்த்து "எங்கள் ஊர் போலவே" என்று அவர்களில் ஒருவர் சொன்னபோதுதான் எனக்கே இது உறைத்தது. பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரே வாரத்தில், ஒரே அறுவடைக்கு, ஆளுக்கொரு பெயரில் லீவு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். அத்தனை விண்ணப்பங்களும் என் மேசை வழியாகப் போனவைதான்!

எனக்குப் பிடித்தது எள்ளு விஷயம். மராட்டியர்கள் எள்ளும் வெல்லமும் சேர்த்த உருண்டையைக் கையில் கொடுத்து, "இதைச் சாப்பிடு, இனிக்க இனிக்கப் பேசு" என்பார்கள். கன்னடத்துக்காரர்களும் எள்ளையும் வெல்லத்தையும் கொடுத்து நல்லதாகப் பேசச் சொல்வார்கள். மாத இறுதியில் பில் கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கும், பில் இல்லாமல் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதிலுக்கும் இது ரொம்பவே தேவை. வாசல் மேசையில் ஒரு தட்டு நிறைய வைத்திருக்கிறோம். நானே இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அப்புறம், ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

போன வருடம் நம்மில் ஒருவர் பொங்கல் கிண்ணத்தை வாங்கவே இல்லை. "வயிறு நிறைந்திருக்கிறது" என்றார். நாங்கள் விடுவோமா? மூன்று பேர் மாற்றி மாற்றி நீட்டினோம், அவரும் மூன்று முறை சிரித்தபடி அதையே சொன்னார். படைத்ததை அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. விருந்தாளியை மூன்று முறை பொய் சொல்ல வைத்திருக்கிறோம்.

ஆகவே இந்த முறை இப்படி. முன்னால் அடுப்பில் இருக்கும் பானை படைப்பதற்கு. பின்னால் நீல மூடி போட்ட அண்டாவில் இருப்பது காலையிலேயே தனியாகக் கிண்டிய சர்க்கரைப் பொங்கல், அது படையலுக்கு வராது. ருசி ஒன்றுதான், வெல்லம் ஒன்றுதான். எதிலிருந்து எடுக்கிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டிலுமே எடுக்கவில்லை என்றாலும் கேட்க மாட்டார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு மிளகு போட்ட வெண்பொங்கல் இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் பக்கம் போகிறவர்களை நான் பார்க்காதது போல இருந்துவிடுகிறேன்.

சூரியனுக்குப் படைக்கும்போது கும்பிட நினைப்பவர்கள் முன்னால் வாருங்கள். மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். திருநீறும் குங்குமமும் ஓரத்து மேசையில் இருக்கும், வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்ளலாம். தட்டை யார் முகத்துக்கு முன்னாலும் நீட்ட மாட்டோம். வேட்டி சேலையில் வந்தவர்கள் அழகாக இருக்கிறீர்கள். சீருடையிலேயே வந்த பாதுகாவலர் அண்ணன்களும், இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகாமல் கண் எரிய நின்றுகொண்டிருக்கிற பராமரிப்புப் பிரிவு நண்பர்களும் அப்படித்தான். அவர்கள் இலையை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். தூங்கப் போக வேண்டும், பாவம்.

தமிழ் இன்னும் பழகாதவர்களுக்கு, நான் பேசியதன் சுருக்கத்தை வடிவமைப்புப் பிரிவுத் தங்கை இந்தியில் சொல்லுவாள். என் நகைச்சுவையை எல்லாம் விட்டுவிடுவேன் என்று முன்பே சொல்லிவிட்டாள்.

இன்னும் ஒரு சொந்த விஷயம் பாக்கி. போன ரம்ஜானுக்கு ஸ்டோர்ஸ் அண்ணன் எனக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவில் பிரியாணி கொடுத்தார். மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நசுங்கிய அந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினால்தான் திறக்கும். பிரியாணி அன்றைக்கே தீர்ந்துபோனது. டப்பா மட்டும் பத்து மாதமாக என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. வீட்டில் அம்மா, வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப விடமாட்டாள். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். அந்தப் பழக்கத்தால்தான் இவ்வளவு தாமதம் என்று சொல்லிக்கொள்கிறேன், நம்புவது உங்கள் விருப்பம். கிறிஸ்துமஸ் கேக் வந்த தட்டும் ஓணத்துக்குப் பாயசம் வந்த தூக்கும் உங்களில் யார் யார் இழுப்பறையில் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். இன்று நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணா, உங்கள் டப்பா இதோ. நீல மூடி அண்டாவில் இருந்துதான் எடுத்தேன். முந்திரி கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறேன்.

அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள். லோஹ்ரி வாழ்த்துகள், பிஹு வாழ்த்துகள், உத்தராயண, சங்கராந்தி வாழ்த்துகள். இந்த வாரம் எந்தப் பண்டிகையும் இல்லாதவர்களுக்கு விடுமுறை வாழ்த்துகள்.

அங்கே கையை ஆட்டுகிறார்கள். நுரை விளிம்புக்கு வந்துவிட்டது போல. எல்லாரும் வாருங்கள், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், பால் எந்தப் பக்கம் வழியும் என்று சொல்ல முடியாது. கத்துவதற்கு எந்த மொழியும் சரி.

பொங்கலோ பொங்கல்!