கரடி பொம்மை கட் அவுட்: ஓரமும் ரோமமும் எப்படி வேண்டும்

வணக்கம் அண்ணா,

போனில் சொன்ன கரடி பொம்மைப் படத்தை அனுப்பிவிட்டேன். கோப்பின் பெயர் karadi_0147.tif. ஒரு சிறுவர் நாவலின் அட்டைக்காக வெளிர்சாம்பல் பின்னணியில் எடுத்த படம். அந்தச் சாம்பலை நீக்கிவிட்டு, பின்னணி ட்ரான்ஸ்பரன்டாக, கரடியை மட்டும் தாருங்கள்.

எதன் மேல் வைக்கப்போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டையில் கரடி இரவு வானத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த நீலம் #14213A. அதே கரடி போஸ்டரில் வெளிர்மஞ்சள் தாளின் மேல் வரும், அது #F3E9D2. ஒரே கட் அவுட் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும். நீலத்தின் மேல் நன்றாகத் தெரிந்தது வெளிர்மஞ்சளின் மேல் கறுத்த கோடு போட்டதுபோல ஆகிவிடலாம். அதனால் இரண்டு நிறத்தையும் தனித்தனி லேயராக அடியில் போட்டு, மாற்றி மாற்றிப் பார்த்தபடியே வேலை செய்யுங்கள்.

இந்தக் கரடியின் ரோமம் மொஹேர். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. பொம்மை 35 செ.மீ. உயரம், படத்தில் அது ஏறக்குறைய 4,800 பிக்சல். அப்படியென்றால் ஒரு பிக்சலுக்கு 70 மைக்ரான் சொச்சம். மொஹேர் இழையோ பெரும்பாலும் 25 முதல் 40 மைக்ரான் தடிமன்தான். ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் இழை ஒரு பிக்சலைக்கூட முழுசாக நிரப்பாது. பாதி இழை, பாதி சாம்பல் பின்னணி என்றுதான் அந்தப் பிக்சல் இருக்கும். அதை முழுசாக வைத்துக்கொண்டால் சாம்பலும் கூடவே வந்துவிடும். முழுசாக வெட்டினால் இழை போய்விடும், கரடி மொட்டையடித்ததுபோல ஆகிவிடும். ஆகவே அங்கே மாஸ்க் பாதி ஒளிபுகும்படிதான் இருக்க வேண்டும், அதோடு அந்த இழையின் நிறத்தில் கலந்திருக்கும் சாம்பலும் போக வேண்டும். மாஸ்க் சரியாக இருந்தும் நிறம் சரியாக இல்லாவிட்டால், இரவு நீலத்தின் மேல் கரடியைச் சுற்றிப் பனி படிந்ததுபோல ஒரு வெளிறிய வளையம் தெரியும். போன அட்டைக்கு வேறொருவரிடம் வாங்கிய கட் அவுட்டில் அதுதான் நடந்தது. அச்சுக்கு அனுப்பும் முந்தைய இரவில்தான் கவனித்தேன்.

நிறத்தைச் சரிசெய்ய Decontaminate Colors பயன்படுத்துவதானால் நகல் லேயரில் செய்யுங்கள், அசல் பிக்சல் அடியில் அப்படியே இருக்கட்டும். என் விருப்பம், அதைவிடக் கையால் செய்வது: ரோமத்தின் உள்பக்கத்திலிருந்து நிறம் எடுத்து, ஓரத்தின் மேல் ஒரு க்ளிப்பிங் லேயரில் பூசுவது. ஆனால் ஒரே பழுப்பைச் சுற்றிலும் பூசிவிட வேண்டாம். இடது தோளில் வெளிச்சம் பட்டு ரோமம் தேன் நிறமாக இருக்கிறது, வலது இடுப்புப் பக்கம் கருங்காப்பி நிறம். அந்தந்த இடத்து நிறத்தை அங்கங்கே எடுங்கள்.

எல்லா ஓரமும் ஒன்றல்ல. மூக்கு, பாதத்தின் அடியில் தைத்திருக்கும் ஃபெல்ட், கண்ணாடிக் கண் இவற்றுக்குத் திட்டமான ஓரம், பென் டூலில் பாத் போட்டு எடுத்தால் போதும். எல்லாவற்றையும் சேர்த்து ஃபெதர் போட்டுவிட்டால் ஃபெல்ட் பாதம் புகைபோல ஆகிவிடும், அது வேண்டாம். வலது பாதம் ஃபோகஸ் தாண்டி முன்னால் நீண்டிருப்பதால் அதன் ஓரம் மட்டும் இயல்பாகவே மங்கலாக இருக்கிறது. அந்த மங்கல் எவ்வளவோ, மாஸ்க்கின் மென்மையும் அவ்வளவே இருக்கட்டும். அங்கே கூராக வெட்டினால் காகிதத்தில் கத்தரித்து ஒட்டியதுபோல இருக்கும்.

இடது காதை நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தையல் விட்டுப்போய் மூன்று நூல் வெளியே தொங்குகிறது, ஒன்று சுருண்டு கன்னத்தைத் தொடுகிறது. அதை அழுக்கு என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். கதையில் அந்தக் காதைத் தைத்துக் கொடுப்பதுதான் குழந்தையின் முதல் வேலை, அட்டையில் அந்த நூல் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். சுருளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஓர் அரிசி அளவு இடைவெளி இருக்கிறது; அதற்குள்ளும் சாம்பல் மிச்சம் இருக்கக் கூடாது. கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் சந்தையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்து ரிப்பன் ஆர்கன்சா, மெல்லிய துணி. உடம்பின் மேல் படிந்திருக்கும் பகுதியில் பிரச்சினை இல்லை. முடிச்சிலிருந்து வெளியே பறக்கும் இரண்டு வால்களும் சாம்பல் பின்னணி தெரியும்படி இருக்கின்றன, அவற்றைத் தனி லேயரில், தனி மாஸ்க்கில் தாருங்கள். அவற்றின் வழியாக என் நீலம் தெரிய வேண்டும். ஒரு மடிப்பு இருக்கும் இடத்தைவிட இரண்டு மடிப்பு சேரும் இடத்தில் ஒளி குறைவாகப் புக வேண்டும், அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அது துணியாக இருக்கும்.

எங்காவது இழைகள் உண்மையிலேயே பின்னணியோடு கரைந்துபோயிருந்தால் (தலை உச்சியில் அப்படி ஒரு விரற்கடை இருக்கிறது) ப்ரஷ்ஷில் புதிதாக வரையலாம், ஆனால் தனி லேயரில். அங்கே இழைகள் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. ஒரே நீளத்தில் சீப்பால் வாரியதுபோல வேண்டாம், ஒன்றிரண்டு குறுக்கே போகட்டும்.

நிழலைக் கரடியோடு சேர்க்க வேண்டாம். தரையைத் தொடும் இடத்து நிழலைத் தனி லேயராக, மல்டிப்ளையில் வைத்துத் தந்தால் போஸ்டருக்கு உதவும். அட்டைக்கு நானே வேறு நிழல் போடுவேன்.

கோப்பு விஷயம்: லேயர்களோடு 16 பிட் பிஎஸ்டி ஒன்று, மாஸ்க்கை அப்ளை செய்யாமல். அதோடு நிழல் இல்லாத பிஎன்ஜி ஒன்று. அளவைக் குறைக்காதீர்கள், அட்டையில் கரடி 14 செ.மீ.தான், 300 டிபிஐயில் 1,650 பிக்சல் சுமார், ஆனால் போஸ்டரில் 60 செ.மீ. உயரம் வருகிறது, அதற்கு இருக்கும் பிக்சல் எல்லாமே வேண்டும். கலர் ப்ரொஃபைலை மாற்ற வேண்டாம், ஷார்ப்பனும் வேண்டாம், அதைக் கடைசியில் நான் செய்துகொள்கிறேன். வேறொரு மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்வதானால் ப்ரீமல்டிப்ளை ஆகாத ஸ்ட்ரெய்ட் ஆல்ஃபா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் கறுப்பு ஏறிவிடும்.

முழுவதும் செய்வதற்கு முன்னால், இடது காதைச் சுற்றி 800க்கு 800 பிக்சல் மட்டும் முடித்து, நீலத்தின் மேலும் வெளிர்மஞ்சளின் மேலும் வைத்து அனுப்புங்கள். மொஹேர், நூல், சுருளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மூன்றும் அந்தச் சதுரத்திலேயே இருக்கின்றன. அது சரி என்றால் மீதியை நிம்மதியாகத் தொடரலாம். வியாழன் மாலைக்குள் அந்தச் சதுரம் வந்தால், அன்று இரவே பார்த்துப் பதில் எழுதிவிடுவேன். முழுக் கோப்பு அடுத்த புதன் போதும்.

ரோமத்துக்கு நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் அண்ணா, தேதியைத் தள்ளிப் பேசிக்கொள்கிறேன். ஓரத்தில் அவசரம் வேண்டாம்.

நன்றி.