தரகுப் பகிர்வு ஒப்பந்தம்

2025 நவம்பர் 12 அன்று சென்னை வேளச்சேரியில், வேளச்சேரியில் வீடு, மனைத் தரகு செய்துவரும் கு. செல்வமும் மேடவாக்கத்தில் அதே தொழில் செய்துவரும் ப. ஜெயந்தியும் மனமொப்பி எழுதிக்கொண்ட ஒப்பந்தம்.

எந்த விற்பனை

வேளச்சேரி தண்டீஸ்வரம் நகரில் இரண்டாம் மாடியில் உள்ள 960 சதுர அடி ஃபிளாட், அதற்குரிய 410 சதுர அடி யு.டி.எஸ்., ஒரு கவர்டு கார் பார்க்கிங். தந்தை காலமானபின் அண்ணன், தங்கை இருவருக்கும் வாரிசுரிமையாக வந்த சொத்து. விற்றுத் தரும் பொறுப்பை அவர்கள் செல்வத்திடம் கொடுத்து, கிரய விலையில் 2 சதவீதம் கமிஷன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாங்க வந்திருக்கும் தம்பதியை அழைத்து வந்தவர் ஜெயந்தி. அவர்கள் பெயரும் வீடு பார்த்த நாளும் நவம்பர் 9 அன்று ஜெயந்தி செல்வத்துக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் உள்ளன. அதுவே அறிமுகத்துக்கு ஆதாரம். வாங்குபவரிடம் இருவரில் யாரும் தனியாகக் கமிஷன் கேட்பதில்லை.

யார் என்ன செய்வது

தாய்ப் பத்திரம், வாரிசுச் சான்று, தந்தையின் இறப்புச் சான்று, 30 வருட வில்லங்கச் சான்று, சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், அசோசியேஷன் பாக்கியில்லாச் சான்று அனைத்தையும் திரட்டித் தருவது செல்வத்தின் வேலை. தங்கை கோயம்புத்தூரில் இருப்பதால், அட்வான்ஸ் ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் அவரை அசல் அடையாள அட்டையுடன் வரவைப்பதும் செல்வத்தின் பொறுப்பே. ஒருவர் கையெழுத்துக் குறைந்தாலும் இந்தக் கிரயம் நடக்காது. செல்வத்துக்குக் கூடுதல் பங்கு வைத்ததே இதற்காகத்தான்.

வாங்குபவரின் வீட்டுக் கடன், வங்கி வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் வருகை ஆகியவற்றை ஜெயந்தி பின்தொடர்வார். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் இருவர் என்பதால் இருவர் பான் எண்ணிலும் தனித்தனியே கட்டச் சொல்லி, சான்றுகளை வாங்கித் தருவதும் அவர் பொறுப்பு. நம் கமிஷன் இந்தப் பிடித்தத்துக்கு முந்தைய முழு விலைக்கே.

விலைப் பேச்சு இருவரும் இருக்கும்போதுதான். செல்வத்துக்குத் தெரியாமல் ஜெயந்தி வீட்டுக்காரர்களையோ, ஜெயந்திக்குத் தெரியாமல் செல்வம் வாங்குபவரையோ தொடர்புகொள்வதில்லை.

பங்கு

வரும் கமிஷனில் செல்வத்துக்கு 55 சதவீதம், ஜெயந்திக்கு 45 சதவீதம். இப்போது பேசியிருக்கும் 92 லட்சத்துக்கு மொத்தக் கமிஷன் 1,84,000 ரூபாய். செல்வத்துக்கு 1,01,200, ஜெயந்திக்கு 82,800. கிரயப் பத்திரத்தில் எழுதும் விலை மாறினால் தொகையும் மாறும், விகிதம் மாறாது.

கமிஷனைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டால், இருவரும் எழுத்தில் சரி சொன்னால்தான் குறைப்பு. ஒருவர் தானாக விட்டுக்கொடுத்தால் அந்தத் தொகை அவர் பங்கிலிருந்தே போகும். வாட்ச்மேனுக்கோ இடையில் தகவல் சொன்னவருக்கோ கொடுக்க வேண்டியதை, அவருக்கு வாக்குக் கொடுத்தவரே தன் பங்கிலிருந்து கொடுக்க வேண்டும். “பொதுச் செலவு” என்று கடைசி நாளில் எதையும் கழிக்கக் கூடாது.

பணம் எப்போது

வீட்டுக்காரர்கள் கமிஷனைச் செல்வத்தின் வங்கிக் கணக்கில் இரண்டு தவணையாகச் செலுத்துவார்கள். அட்வான்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் கால் பங்கு, 46,000. அதில் ஜெயந்திக்கு 20,700. வேளச்சேரி சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிவாகும் நாளில் மீதி 1,38,000. அதில் ஜெயந்திக்கு 62,100.

பணம் வந்த அன்றே செல்வம் அந்த வரவின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்ப வேண்டும். இரண்டு வங்கி வேலை நாட்களுக்குள் ஜெயந்தியின் பங்கை அவர் கணக்குக்கு மாற்ற வேண்டும். ரொக்கம் கிடையாது. தவறினால் மாதம் 1.5 சதவீத வட்டி சேரும். வீட்டுக்காரர் பாதிதான் கொடுத்தார் என்றால் வந்ததை அதே 55-45இல் பிரிக்க வேண்டும். “முதலில் என் பங்கு, அப்புறம் உங்களுடையது” என்பது இல்லை. செல்வத்துக்கு வராத பணத்தை அவர் கையிலிருந்து ஜெயந்தி கேட்க முடியாது. ஆனால் வசூலிக்க இருவரும் சேர்ந்தே போக வேண்டும்.

அட்வான்ஸுக்குப் பிறகு கிரயம் முறிந்து, வாங்கிய கமிஷனைத் திருப்பித் தர நேர்ந்தால், அவரவர் வாங்கியதை அவரவர் தர வேண்டும். இருவரும் தற்போது ஜி.எஸ்.டி. பதிவில் இல்லை. வருமான வரி அவரவர் கணக்கில்.

பிறகு வாங்கினால்

பேச்சு இப்போது முறிந்தாலும், 2026 மே 11க்குள் இதே தம்பதியோ அவர்களின் பெற்றோர், உடன்பிறந்தாரோ இந்த வீட்டை எந்த வழியில் வாங்கினாலும், செல்வத்துக்குக் கிடைக்கும் கமிஷனில் ஜெயந்திக்கு அதே 45 சதவீதம் உண்டு. வேறு தரகர் கொண்டுவரும் வேறு பார்ட்டிக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது.

மனத்தாங்கல் வந்தால் முதலில் முதல் சாட்சி முன்னிலையில் பேசுவோம். 15 நாளில் முடியாவிட்டால் சென்னை நீதிமன்றம். ஆளுக்கு ஒரு அசல் பிரதி.

(ஒப்பம்) கு. செல்வம்
(ஒப்பம்) ப. ஜெயந்தி

சாட்சிகள்:
1. (ஒப்பம்) வே. தணிகாசலம், வேளச்சேரி
2. (ஒப்பம்) அ. ரஹீம், பள்ளிக்கரணை