காவிரிப் பாலம், காலை ஆறேகால் மணி

படத்தில் பெரிதாக எதுவும் இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர், கீழே இப்போதுதான் வந்திருக்கும் செம்மண் நிறத் தண்ணீர், தூரத்தில் மங்கலாக மலைக்கோட்டை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் இரண்டு மூன்று நாளில் திருச்சிக்குத் தண்ணீர் வந்துவிடும், வந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நாலு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த பழக்கம். இந்த வருஷம் நான் மட்டும் வந்தேன். வரலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, தண்ணீர் அவருக்கும் எனக்கும் மட்டுமா வருகிறது, எனக்கும் பிடித்த ஆறுதானே என்று கிளம்பி வந்துவிட்டேன்.

நிறைய பேருக்குத் தெரியும், பிப்ரவரியில் நாங்கள் பிரிந்துவிட்டோம். இதுவரை அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் யாராவது அவரைத் திட்டுவார்கள் என்று பயம். அவர் கெட்டவர் இல்லை. இந்தப் பாலத்தை ரிப்பேருக்காக மூடியிருந்த மாதங்களில் எத்தனையோ நாள் சென்னை பைபாஸ் சுற்றி என்னை ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதே சுற்று சுற்றித் தன் வீட்டுக்குப் போனவர். முக்கொம்பு பார்க்கில் உட்கார்ந்து, "வீட்ல பேசிப் பார்த்துட்டேன், என்னால முடியல, இனிமேலும் முடியும்னு தோணல" என்று சொன்னபோது என்னைவிட அதிகமாக அழுததும் அவர்தான். அப்பாவுக்கு பைபாஸ் ஆகி மூன்று மாதம்கூட ஆகாத வீடு அது. என்னை இழுத்தடிக்காமல், முகத்தைப் பார்த்துச் சொன்னார். வலித்தது, இன்னமும் வலிக்கிறது. ஆனால் அதை ஏமாற்றினார் என்று எழுத எனக்கு மனசு வராது, அது உண்மையும் இல்லை.

அதற்கப்புறம் நான் என்னை எப்படி வைத்துக்கொண்டேன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல நினைத்தேன்.

பிரிந்த பிறகும் ராத்திரி பதினொன்றரைக்கு மேல் எப்போதாவது அவர் கூப்பிடுவார். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். "சும்மாதான்" என்பார். பத்து நிமிஷம் பேசுவோம், சாப்பிட்டியா, ஆபீஸ் எப்படி, அவ்வளவுதான். அவருக்கும் தூக்கம் வரவில்லை, நாலு வருஷம் பேசிப் பழகிய குரல், அதில் என்ன தப்பு. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்காக மிச்ச நாள் பூராவும் நான் காத்துக்கொண்டிருந்தேன். குளிக்கப் போனால் போனை பாத்ரூம் ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிப்பேன். சத்தத்தை முழுசாகக் கூட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தைப் பார்த்து, பார்த்து, மறுபடி பார்த்து... ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே கூப்பிட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்லிவைப்பேன், ஒருவேளை அவர் பேச வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டால்? யாரும் என்னைக் காத்திரு என்று சொல்லவில்லை. நானே போய் வரிசையில் நின்றுகொண்டேன்.

போன மாதம் அக்கா பொண்ணுக்குச் சமயபுரத்தில் காதுகுத்து. மூன்று மாதமாக அவள், "சித்தி, எனக்கு வலிச்சா நீதான் கையைப் பிடிச்சுக்கணும்" என்று சொல்லிவைத்திருந்தாள். ஆறு வயசு. மாமா மடியில் உட்கார வைத்து, ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. பகலில் அவர் கூப்பிட்டதே இல்லை. நான் எழுந்து முடிக்கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். தவறிப்போய் கைபட்டுவிட்டதாம், ஸாரி என்று வைத்துவிட்டார். நாற்பது நொடி இருக்குமா தெரியவில்லை. ஆனால் நான் அங்கேயே நின்று, உண்மையிலேயே கைதான் பட்டதா, இல்லை ஏதாவது சொல்ல வந்து சொல்லாமல் விட்டாரா என்று யோசித்துக்கொண்டு இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு காதும் குத்தி முடிந்து, குழந்தை அழுது ஓய்ந்து, வாயில் சர்க்கரையோடு என்னைப் பார்த்தது. "எங்க போன?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் போட்டோக்களை அனுப்பினாள். அதில் அம்மா இருக்கிறாள், மாமா இருக்கிறார், பக்கத்து வீட்டுப் பாட்டிகூட இருக்கிறார், நான் இல்லை. அந்தக் குழந்தை பிடித்திருப்பது அம்மாவின் முழங்கையை. அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிசாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இந்தப் படத்தில் நான் இல்லாததற்கு அவர் எப்படிக் காரணமாவார்? எழுந்து ஓடியது என் கால்தான்.

சரி, உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்கப்புறமும் இரண்டு தடவை ராத்திரி எடுத்துப் பேசினேன்.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு மறுபடி கூப்பிட்டார். திரையில் பெயர் வந்தது. நான் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை, பழிவாங்கவும் இல்லை, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றதும் அவ்வளவு அழுதேன். அம்மா எழுந்து வந்து லைட்டைப் போடாமலேயே பக்கத்தில் படுத்துக்கொண்டு, "தண்ணி வேணுமாடி?" என்றாள். வேண்டாம் என்றேன். காலையில் மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு இதை அனுப்பினேன்:

"நேத்து போன் வந்தப்ப முழிச்சுதான் இருந்தேன், எடுக்கல. உங்க மேல கோபம் இல்ல. ஆனா இனிமே கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிட்டா நான் அடுத்த போனுக்குக் காத்திருக்க ஆரம்பிச்சிடறேன், அது எனக்கு நல்லதில்ல. அப்பா உடம்பைப் பார்த்துக்கங்க. நீங்களும் நேரத்துக்குத் தூங்குங்க."

அரைமணி நேரம் கழித்து, "சரிம்மா. புரியுது. நீயும் பார்த்துக்கோ" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். மெசேஜைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன், அன்றைக்கு முழுக்கக் கணக்கில் தப்புத் தப்பாகப் போட்டு மேனேஜரிடம் திட்டு வாங்கினேன், ஜெயித்த மாதிரியெல்லாம் எதுவும் தோன்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே வந்து படுக்கிறேன். முதல் ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். நேற்று ஒரு தடவை. அதுவும் மணி பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன், முழுக்க உண்மை இல்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது எனக்காக அவரை ஏதாவது சொல்ல நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். என்னிடம் அன்பாகத்தான் இருந்தார், நானும் இருந்தேன். இரண்டு பேருக்கும் பொதுவான நண்பர்கள் யாரும் பக்கம் பார்த்து நிற்க வேண்டியதில்லை, அவர் வீட்டு விசேஷம் எதுவானாலும் போங்கள், எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை, மறைக்க வேண்டும் என்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையை இங்கே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை, காலை ஆறு மணிக்குத் தயாராக வைத்திரு என்றேன். அவள் இதுவரை ஆற்றில் மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். காதில் இன்னும் புண் ஆறவில்லையாம், தலைக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. பார்த்துக்கொள்கிறேன். ஒன்றாம் நம்பர் பஸ் வருகிறது, வேலைக்கு நேரமாகிவிட்டது.