செல்லாமல் போன வியாபாரம்: தானாக இயங்கும் சந்தை என்ற கற்பனை பற்றி

2022 மார்ச் 8 அதிகாலையில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கலின் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. பிப்ரவரிக் கடைசியில் அது 25,000 டாலரை ஒட்டி இருந்தது. காலை எட்டேகால் மணிக்குச் சந்தை நிர்வாகம் வியாபாரத்தை நிறுத்தியது. பிறகு, அன்று நள்ளிரவு முதல் நடந்த நிக்கல் ஒப்பந்தங்கள் எதுவும் செல்லாது என்று அறிவித்தது. அத்தனையும் விற்றவரும் வாங்கியவரும் மனமொப்பிச் செய்தவை.

உள்ளே நடந்தது இது. விலை இறங்கும் என்று கணக்குப் போட்டு, சரக்கைப் பின்னால் தருவதாக முன்கூட்டியே விற்றவர்கள் பலர். விலை ஏற ஏற அவர்கள் மார்ஜின், அதாவது பிணையாக வைக்கும் பணம், கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் கணக்கை முடிக்க, அதே நிக்கலைத் திரும்ப வாங்க வேண்டும். அவர் வாங்குவதால் விலை இன்னும் ஏறும், அடுத்தவருக்கு மார்ஜின் அழைப்பு போகும். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்கிறது பாடநூல். இங்கே விலை ஏறியதாலேயே வாங்குவது கூடியது. ஒப்பந்தங்களை அப்படியே விட்டிருந்தால் கிட்டத்தட்ட 2,000 கோடி டாலர் மார்ஜின் கேட்க வேண்டியிருக்கும், உறுப்பினர் நிறுவனங்கள் பல விழுந்திருக்கும் என்றது நிர்வாகம். ரத்து செய்தது சட்டப்படி சரியே என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது.

நிர்வாகம் செய்தது நியாயமா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. லாபம் பறிபோனவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. நான் கேட்பது வேறு: எது வியாபாரம், எது வியாபாரமே ஆகாது என்று சொல்லும் அதிகாரம் விலைக்கு வெளியே இருக்கிறதென்றால், அந்தச் சந்தை தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்று எந்தப் பொருளில் சொல்கிறோம்?

அந்தச் சொற்றொடருக்கு ஒரு துல்லியமான பொருள் உண்டு. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். ஏறிய விலை உற்பத்தியைக் கூட்டி, நுகர்வைக் குறைத்து, தட்டுப்பாட்டைத் தீர்க்கும். விலகல் வந்தால் அதை எதிர்த்து இழுக்கும் விசை சந்தைக்குள்ளேயே இருக்கிறது என்பதே கூற்று. ஆணி, சட்டை, சைக்கிள் போன்றவற்றில் இது பெரும்பாலும் நடக்கவும் செய்கிறது, மறுப்பதில் பயனில்லை. ஆனால் ஆணியும் சட்டையும் விற்பதற்கென்றே செய்யப்பட்டவை. 1944-ல் பொருளாதார வரலாற்று அறிஞர் கார்ல் பொலானி சுட்டிக்காட்டியது இந்த இடத்தைத்தான்: உழைப்பும் நிலமும் பணமும் விற்பதற்காக உண்டானவை அல்ல, அவற்றைச் சரக்கு என்று பாவித்துத்தான் சந்தைப் பொருளாதாரம் ஓடுகிறது.

உழைப்பை எடுத்துக்கொள்வோம். சட்டை விலை விழுந்தால் தைப்பவர் குறைவாகத் தைப்பார். கூலி விழுந்தால்? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர்கள், கஜத்துக்கான கூலி குறைந்தபோது கூடுதல் நேரம் நெய்தார்கள், பிள்ளைகளையும் தறியில் உட்கார்த்தினார்கள். வயிறு காத்திருக்காது. துணி மேலும் குவிந்தது, கூலி மேலும் சரிந்தது. நிக்கலில் சில மணி நேரத்தில் நடந்தது நெசவில் சில பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது, திசை மட்டும் தலைகீழ்.

அந்த உழைப்புச் சந்தையும் தானாக முளைத்ததில்லை. ஏழைகளுக்கு ஊர் கொடுத்துவந்த பழைய உதவியைச் சுருக்கி, வேலை செய்யத் தெம்புள்ளவர் கூலிக்குப் போகட்டும் என்று தள்ள 1834-ல் ஒரு சட்டமும், அதை நாடு முழுக்க நடத்த லண்டனில் மூன்று ஆணையர்களும் தேவைப்பட்டார்கள். தலையிடாக் கொள்கையை நிலைநாட்ட அதுவரை காணாத அளவுக்கு நிர்வாகம் தலையிட்டது. உழைப்புச் சந்தைக்கு எதிர்விசை வந்ததும் சட்டத்தின் வழியேதான்: 1833-ன் தொழிற்சாலைச் சட்டத்துக்கு முதலில் கிடைத்தவர்கள் நான்கே ஆய்வாளர்கள், 1847-ன் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் நாளுக்குப் பத்து மணி என்று வரம்பு வைத்தது. பொலானி இதை இரட்டை இயக்கம் என்றார். எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டு பக்கமும் அரசின் கையால்தான் நடந்தன என்பது.

பணத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். 1844-ன் வங்கிச் சாசனச் சட்டம் மனிதர் முடிவை விலக்கவென்றே எழுதப்பட்டது. இங்கிலாந்து வங்கி 1.4 கோடி பவுண்டு வரை கடன் பத்திரங்களைப் பிணையாக வைத்து நோட்டு அடிக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு நோட்டுக்கும் பெட்டகத்தில் உலோகம் இருக்க வேண்டும், பெரும்பகுதி தங்கமாக. தங்கம் வெளிநாட்டுக்குப் போனால் நோட்டு சுருங்கும், விலைவாசி இறங்கும், ஏற்றுமதி பெருகும், தங்கம் திரும்பி வரும். தாளில் அழகான இயந்திரம்.

மூன்றே ஆண்டில் அது சிக்கிக்கொண்டது. விலைவாசி இறங்கி ஏற்றுமதி பெருகுவதற்கு மாதக்கணக்காகும்; இன்ன நாளில் பணம் தருவதாக வியாபாரி எழுதிக்கொடுத்த உண்டியலுக்குத் தவணை நாளைக்கு. வங்கியின் கையிருப்பு கரைவது தெரிந்ததும் ஆளாளுக்கு நோட்டைப் பதுக்கினார்கள், நல்ல நிறுவனங்களும் உண்டியலைக் காசாக்க முடியாமல் தவித்தன. 1847 அக்டோபர் 25-ல் பிரதமரும் நிதியமைச்சரும் வங்கிக்குக் கடிதம் எழுதினார்கள்: வரம்பை மீறிக் கடன் கொடுக்கலாம், வட்டி 8 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சட்டம் மீறப்பட்டால் வங்கியை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவருகிறோம். கடிதம் வெளியானதும் பீதி அடங்கியது. வரம்பை மீற வேண்டிய தேவையே வரவில்லை. பதுக்கிய நோட்டுகள் வெளியே வந்தது அரசின் வாக்கை நம்பி. 1857-ல் மறுபடி கடிதம், அந்த முறை வரம்பு நிஜமாகவே மீறப்பட்டது, 1866-ல் இன்னொன்று. தானியங்கி என்று கட்டியதை இருபத்திரண்டு ஆண்டில் மூன்று முறை கையால் நிறுத்தினார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு பொருளாதார அறிஞர் ஹாயெக்குடையது. கோடிக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கும் அறிவை எந்த அலுவலகமும் திரட்ட முடியாது, விலை அதைச் செய்கிறது என்றார் 1945-ல். ஒப்புக்கொள்கிறேன். மத்தியத் திட்டக்குழு நிக்கல் விலையை இதைவிட நன்றாகக் கணித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விலை செய்தி சொல்ல வேண்டுமென்றால் டன் என்றால் எவ்வளவு, எந்தத் தரம், எந்தக் கிடங்கு, எந்த நாளில், தராவிட்டால் எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவுகளுக்கு விலை கிடையாது. அவை வழக்கத்திலிருந்தும் சட்டத்திலிருந்தும், சில நேரம் யார் குரல் உரக்கக் கேட்டது என்பதிலிருந்தும் வருகின்றன.

என் பக்கத்தில் நிற்பவர்களிடமும் ஒரு சண்டை உண்டு. சந்தை சமூகத்தில் பொதிந்திருக்கிறது என்பதைப் பாராட்டு போலச் சொல்கிறார்கள். சாதியும் சமூகம்தான், பெண்ணைத் தொழிலுக்குள் விடாத பழைய கைவினைச் சங்கமும் சமூகம்தான். பாசிசமும் இதே எதிர்விசையின் ஒரு வடிவம் என்று பொலானியே எழுதினார். பொதிவு என்பது சந்தை இருக்கும் நிலையைச் சொல்கிறது, அது நல்லதா என்பதைத் தனியாகத்தான் வாதாட வேண்டும்.

ஆகவே 'கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா' என்ற கேள்வியே பிசகு. ஒரு கட்டுப்பாட்டை நீக்கும் மசோதா வந்தால் நான் முதலில் தேடுவது, நட்டம் நேர்ந்தால் அது யார் கணக்கில் விழும் என்று சொல்லும் பிரிவை. பெரும்பாலும் அது நீங்குவதில்லை, வேறொருவர் பெயருக்கு மாறியிருக்கும். நிக்கலிலும் கட்டுப்பாடு நீங்கவில்லை: மார்ச் 16-ல் வியாபாரம் மீண்டும் திறந்தபோது ஒரு நாளில் விலை இவ்வளவுக்கு மேல் நகரக் கூடாது என்ற உச்சவரம்போடு திறந்தார்கள். முதலில் 5 சதவீதம், சில நாளில் 15.