செப்டம்பர் 12, 13 கல்யாணம்: நாகஸ்வரம், ரிசப்ஷன் கச்சேரி நேர விவரம்

கும்பகோணம்
2.9.2026

அன்புள்ள சுந்தரம் அண்ணா அவர்களுக்கும், தம்பி ஜெரால்டுக்கும்,

வணக்கம். எங்கள் அண்ணன் மகள் காவ்யா கல்யாணத்துக்கு உங்கள் இருவரிடமும் தனித்தனியே பேசியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே அனுப்புகிறேன். ஒரே மண்டபம், ஒரே மைக் செட். ஒருவர் எப்போது நிறுத்துகிறார் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தால்தான் சரியாக வரும். எப்போது வாசிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 12, சனிக்கிழமை

ஜெரால்டு, உங்கள் வண்டி மதியம் 3 மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். மகாமகக் குளத்தைச் சுற்றி சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. சாமான்களைப் பின்வாசல் வழியாக இறக்குங்கள், முன்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மைக் சரிபார்ப்பு 3.30 முதல் 4.45 வரை. அதற்கப்புறம் 7 மணி வரை உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வேண்டாம், "ஹலோ, செக், செக்" உள்பட.

நீங்கள் சொன்ன கணக்கு: கீபோர்டு இரண்டு, பேஸ் கிடார், ரிதம் பேட், தபலா, புல்லாங்குழல், சாக்ஸபோன், பாட ஒரு பெண், ஒரு ஆண். மொத்தம் ஒன்பது பேர், மைக் செட் பார்க்கும் பையனையும் சேர்த்தால் பத்து. பத்துப் பேருக்கும் சாப்பாடு சொல்லியாகிவிட்டது. டிரம்ஸ் வேண்டாம் என்று பேசியது அப்படியே இருக்கட்டும். அந்தக் கூடத்தின் கூரை தாழ்வு, முன்வரிசையில் உட்காரப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுபது வயதுக்கு மேல்.

மேடைக்கு வலது பக்கம் உங்களுக்கென்று தனியாக 15 ஆம்ப் இணைப்பு ஒன்று இழுத்துத் தருவதாக மண்டபத்தின் எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் கரண்ட் போய் அது எடுப்பதற்குள் சில நொடிகள் ஆகும். கீபோர்டுகளுக்கும் மிக்சருக்கும் ஒரு யூபிஎஸ் கொண்டுவாருங்கள்.

சுந்தரம் அண்ணா, ஆடுதுறைக்கு 3.45க்குக் கார் வரும். நாகஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதிப் பெட்டி. ஆக ஐந்து பேர் என்று எழுதி வைத்திருக்கிறேன். தவில்களை டிக்கியில் திணிக்க வேண்டாம், பெரிய வண்டியாகவே சொல்லியிருக்கிறேன். வந்ததும் டிபன், காபி. 5.15க்குப் பிள்ளையார் கோயில் வாசலில் ஜானவாசம் புறப்பாடு. அங்கிருந்து மண்டபம் நடை தூரம்தான், ஆனாலும் மெதுவாக வந்தால் ஆறு மணி ஆகும். மாப்பிள்ளையின் நண்பர்கள் சிலர் செண்டை வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. தெருவில் வேறு யாரும் உங்களோடு போட்டி போட மாட்டார்கள். மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது, அதை ஜானவாசத்தில் வாசிக்கச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பெரியப்பாவின் கண்டிப்பு. கம்பீர நாட்டையில் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது சினிமாப் பாட்டு கேட்டால் ஒன்றிரண்டு வாசிப்பது உங்கள் இஷ்டம்.

6.15க்கு நிச்சயதார்த்தம். லக்ன பத்திரிகை வாசிக்கும்போது முழு நிசப்தம். தட்டு மாற்றும்போது கெட்டிமேளம். 7 மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ரிசப்ஷன் மேடை ஏறுவார்கள். அவர்களை ஏற்றிவிடுவது நாகஸ்வரம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், அண்ணா. ஜெரால்டு, அண்ணா நாகஸ்வரத்தைக் கீழே வைத்த பிறகுதான் உங்கள் முதல் ஸ்வரம். அவர் முடிப்பதற்குள் கீபோர்டில் அடியில் ஒரு சுருதி பிடித்து வைப்பது நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டும் ஒத்துப்போகாது, வேண்டாம்.

ரிசப்ஷனில் 7.10 முதல் 8.10 வரை வாத்தியம் மட்டும். அந்த நேரத்தில்தான் மொய்க் கவரோடு வரிசை நிற்கும். மேடையில் ஒருவர் தன் பெயரைச் சொன்னால் மாப்பிள்ளைக்குக் காதில் விழ வேண்டும், அந்த அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும். 8.10 முதல் 8.35 வரை உங்களுக்கு இடைவேளை. மாடியில் முதல் அறையில் இலை போட்டு வைத்திருப்பார்கள், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சாப்பிட்டு வந்துவிடுங்கள். "பாட்டு ஏன் நின்றுவிட்டது?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். 8.35 முதல் 9.50 வரை பாட்டு. விருப்பப் பாட்டுச் சீட்டுகளைப் பெண்ணின் தம்பி கார்த்திக் ஒருவனிடமிருந்து மட்டும் வாங்குங்கள். நேரே மேடைக்கு வந்து கையில் திணித்தால் அவனிடம் அனுப்பிவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. என் அத்திம்பேர் மைக் கேட்பார், எல்லாக் கல்யாணத்திலும் கேட்கிறவர். 9 மணிக்குமேல் ஒரு பாட்டு கொடுங்கள். அவர் சுருதிக்கு வர மாட்டார், கீபோர்டுதான் அவரைத் தேடிப் போக வேண்டும். "இன்னும் ஒன்று" என்பார். அப்போது என்னைப் பாருங்கள்.

9.50க்கு முடித்துவிட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியில், மூடிய கூடத்துக்கு உள்ளே என்றால் விலக்கு உண்டு என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் இந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் பின்பக்கம் திறந்தே கிடக்கிறது, பக்கத்தில் வீடுகள். 10 மணிக்கு மேலாளரே வந்து மெயினை இறக்குவார்.

செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை

இனி அண்ணாவுக்கு. நீங்கள் ஐவரும் இரவு மாடியில் இரண்டாவது, மூன்றாவது அறைகளில் தங்கிக்கொள்ளலாம். காலை 4.45க்குக் காபி. 5.30க்கு மங்கள இசை, கூடத்துக்கு உள்ளேயே, மைக் இல்லாமல். பூபாளமோ பௌளியோ, உங்கள் விருப்பம். 6.15க்கு நிறுத்திவிட்டு டிபனுக்குப் போங்கள். விரத மந்திரங்கள் நடந்துகொண்டிருக்கும், அப்போது மேளம் தேவையில்லை என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். மேளக்காரர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஊதிவிட்டு வந்தவருக்கு ஆறிப்போன பொங்கல் போடுவது என்ன மரியாதை? 6.15க்கு முதல் பந்தியிலேயே ஐந்து இலை உங்களுக்கு. சமையல்காரரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன்.

7.15க்குக் காசி யாத்திரை. வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும், அதனால் நின்றபடிதான். 7.45க்கு மாலை மாற்றுதல். எங்கள் பையன்கள் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டம் காட்டுவார்கள், அதற்குத் தவில் கொஞ்சம் கூடவே விளையாடட்டும். 8 மணிக்கு ஊஞ்சல். இங்கே ஒரு ஏற்பாடு. எங்கள் அத்தையும் மன்னியும் லாலி பாடுவார்கள், ஐந்து கட்டைச் சுருதியில். நீங்கள் இரண்டரைக் கட்டை. சேர்ந்து வாசிக்க வழியே இல்லை. அவர்கள் ஒரு பாட்டு முடித்ததும் நீங்கள் ஆனந்த பைரவியில் கொஞ்சம், பிறகு அவர்கள். பச்சைப்பிடி சுற்றும்போது மட்டும் தொடர்ந்து வாசியுங்கள், தவில் மெலிதாக.

முகூர்த்தம் 9 முதல் 10.30. கன்னிகாதானத்துக்கு முன் வாத்தியார் இரண்டு வீட்டுப் பிரவரமும் மூன்று முறை சொல்வார். அந்த நேரம் ஒரு தட்டுச் சத்தம்கூட வேண்டாம், தவிலைச் சரிபார்ப்பதும் வேண்டாம். அண்ணனுக்கு அவன் அப்பா, தாத்தா பெயர்கள் அந்த இடத்தில் கேட்க வேண்டும். அப்பா போய் இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை.

திருமாங்கல்ய தாரணம் ஏறக்குறைய 9.40. கெட்டிமேளத்துக்குச் சைகை யார் தருவது என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் கூடத்தில் இருக்கிற எல்லோருமே கையை ஆட்டுவார்கள். உங்கள் மேடை இடதுபுறம். அங்கிருந்து பார்த்தால் முன்தூண் வாத்தியாரை மறைக்கிறது, போன வாரம் அங்கே உட்கார்ந்தே பார்த்தேன். அதனால் தூணுக்கு இந்தப்பக்கம் நான் நிற்பேன். வாத்தியார் தலையசைத்ததும் வலது கையை முழுதாக உயர்த்துவேன். என் கை உயர்ந்தால் மட்டும் கெட்டிமேளம். வீடியோக்காரர் கை காட்டினால் கவனிக்க வேண்டாம். "இன்னொரு தடவை கட்டுங்கள், படம் சரியாக வரவில்லை" என்று அவர் சொன்னால் அது எங்களுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. மூன்று முடிச்சும் விழும்வரை கெட்டிமேளம் குறையக்கூடாது.

அப்புறம் பாணிக்கிரகணம், ஸப்தபதி. அக்னி முன்னால் மந்திரம் நடக்கும்போது இடைவிட்டு, மெதுவாக. 10.45 முதல் 11.10 வரை மோர், பானகம், ஓய்வு. பந்தி தொடங்கும்போது உங்கள் விருப்பம்போல் அரை மணி நேரம். அப்போது கேட்கத்தான் எங்கள் சித்தப்பா சென்னையிலிருந்து வருகிறார், நிறையவே ரசிப்பார். மத்தியமாவதியில் மங்களம் பாடி 12 மணிக்கு முடித்துக்கொள்ளலாம். சாயங்கால நலங்குக்கு மேளம் வைக்கவில்லை. அதற்குக் குடும்பத்துப் பெண்கள் பாட்டே போதும்.

ஏசிக் காற்று நேரே அடித்தால் சீவாளி காய்ந்துவிடுகிறது என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. உங்கள் மேடைக்கு மேலே இருக்கிற ஏசியை இரண்டு நாளும் அணைத்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலுக்கு ஒரு சாதாரண மின்விசிறி, முதுகுப் பக்கம். மைக் நாகஸ்வரத்துக்கு ஒன்றுதான், தவிலுக்குக் கிடையாது. அந்தக் கூடத்துக்கு அது தேவைப்படாது.

கணக்கு: அண்ணாவின் குழுவுக்கு மொத்தம் 48,000. முன்பணம் 15,000 போக மீதி 33,000, மங்களம் முடிந்ததும் தாம்பூலத்தோடு கையில். சம்பாவனையும் வேஷ்டியும் ஐவருக்கும் தனி. ஜெரால்டு குழுவுக்கு 70,000. 20,000 கொடுத்தாயிற்று, மீதி 50,000 சனிக்கிழமை இரவு சாமான் ஏற்றுவதற்கு முன். வண்டி வாடகை அதற்குள் அடக்கம் என்று பேசியிருக்கிறோம். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் ஆள் மாறினால் பரவாயில்லை, வியாழக்கிழமை 10ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். பேரையும் சாப்பாட்டுக் கணக்கையும் மாற்ற வேண்டும்.

இரண்டு விஷயத்துக்கு உங்கள் பதில் வேண்டும். அண்ணா, இரண்டாவது தவிலுக்கு வருகிறவர் இடது கைக்காரர் என்றீர்கள். அவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று சொன்னால் மேடையைச் சற்று அகலப்படுத்தச் சொல்வேன். ஜெரால்டு, மிக்சர் மேஜை கூடத்தின் நடுவிலா, மேடை ஓரத்திலா? நடுவில் என்றால் நாற்காலி இரண்டு வரிசை குறையும், இப்போதே தெரிந்தால் நல்லது. சனிக்கிழமை 5ஆம் தேதிக்குள் ஒரு வரி எழுதுங்கள், அல்லது இரவு 8 மணிக்குமேல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ரகுராமன்
காவ்யாவின் சித்தப்பா