கோத்தகிரி கிளினிக்கில் புதிய உடல் பரிசோதனை: டாக்டர் பேசுகிறேன்

வணக்கம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் கிளினிக்கிலிருந்து டாக்டர் பேசுகிறேன். அரவேனு, கட்டபெட்டு பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 30 வயது தாண்டியவர்களுக்காக ஒரு முழு உடல் பரிசோதனையைத் தொடங்கியிருக்கிறோம். கட்டணம் 1,200 ரூபாய். டாக்டர் ஃபீஸும் அதிலேயே அடக்கம்.

பிரஷர், எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், தைராய்டு, சிறுநீர், ரத்த அணுக்கள் எல்லாம் பார்ப்போம். 40 வயதுக்கு மேல் என்றால் இசிஜியும் உண்டு.

ரத்தசோகையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நாம் வாழ்வது ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். இங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால், உடம்பு ஹீமோகுளோபினைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளும். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராம் இருந்தால் போதும் என்பது சமவெளிக் கணக்கு. அதே 12 இங்கே குறைவாகவே இருக்கலாம். உயரத்துக்கேற்பத் திருத்திப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்களும் அப்படித்தான் பார்க்கிறோம். கொழுந்து பறித்துவிட்டு வந்து “சும்மா அசதிதான் டாக்டர்” என்று சொல்லும் அக்காமார்கள் இதை அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள்.

“டெஸ்ட் எடுத்தால் ஏதாவது சொல்லிவிடுவார்களே” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஒரு நாள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126க்கு மேல் வந்தது என்பதற்காக மட்டும் உங்களைச் சர்க்கரை நோயாளி என்று எழுதிவிட மாட்டோம். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் இன்னொரு பரிசோதனையும் அதையே சொல்ல வேண்டும். பிரஷரும் அப்படித்தான், படியேறி வந்த மூச்சோடு பார்க்காமல், ஐந்து நிமிடம் உட்கார வைத்துத்தான் பார்ப்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் புற்றுநோய் பரிசோதனை கிடையாது. இசிஜி சரியாக இருந்தால் மாரடைப்பே வராது என்றும் அர்த்தமில்லை. நெஞ்சுவலி வந்தால் பேக்கேஜுக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வாங்குகிறவர்கள் அதைத் தொடருங்கள். வரும்போது அந்தச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்.

தினமும் காலை 6.30 முதல் 9 மணி வரை ரத்தம் எடுக்கிறோம், ஞாயிறும் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் முடித்துவிட்டே போகலாம். முந்தின இரவு எட்டரை மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அப்புறம் தண்ணீர் மட்டும். இந்தக் குளிரில் காலை டீயைத் தள்ளிப்போடுவது கஷ்டம்தான், தெரியும். ரத்தம் கொடுத்ததும் குடித்துக்கொள்ளலாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போடுங்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் சாப்பாட்டோடுதான்.

மறுநாள் மாலை ரிப்போர்ட்டை உங்களோடு உட்கார்ந்து நானே தமிழில் விளக்குவேன். பெயர் பதிய, கிளினிக் கவுன்டரில் ஆதாரோ முன்பணமோ தேவையில்லை. பெயரும் வயதும் சொன்னால் போதும்.